உடைக்க ஒரு வரி

இடது மணிக்கட்டில் விரிசல் என்று எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்ன எலும்பு டாக்டர், "பாத்ரூம்ல வழுக்கினீங்களா?" என்று கேட்டார். இல்லை, காலேஜ் லேபில் ஒரு பையன் இரும்பு ஸ்டூலால் அடித்தான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன தகராறு என்றார்.

"அவன் குடுத்த ப்ரோக்ராம்ல ரெண்டு வரிக்கு அர்த்தம் கேட்டேன்."

வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கு அப்போது தெரியவில்லை. நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

நான் திண்டிவனத்தில் இருக்கிறேன். விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். செல்போனில் கேள்வியைத் தட்டினால் முழு ப்ரோக்ராமும் வந்து விழுகிற காலம் வந்த பிறகு, என் வகுப்பில் தப்பான ப்ரோக்ராம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. எல்லாருடைய பிரிண்ட்டும் பளிங்கு மாதிரி இருக்கும். ஒரு லூப் ஏன் சுற்றுகிறது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். அதனால் லேப் மார்க்கில் பாதியை வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்கினேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். கொண்டுவந்த பிரிண்ட்டை மேஜைமேல் வைத்து, நான் விரல் வைக்கிற வரி என்ன செய்கிறது, ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். போனில் எடுத்தாயா, பக்கத்தில் பார்த்தாயா என்று நான் கேட்பதில்லை. சொல்லத் தெரிந்தால் அது அவர்களுடையது.

"எதுக்கு மேடம் வம்பு, மார்க்கைப் போட்டுட்டுப் போங்க" என்றார் துறைத்தலைவர். அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. நான் கேட்கவில்லை.

அந்த வகுப்பில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை, பெரியப்பா மகனும் சித்தப்பா மகளும். அவன் பிளஸ் டூவில் ஒரு வருடம் தவறி, அவள் வகுப்பிலேயே வந்து சேர்ந்துவிட்டான். அவள் அப்பாவுக்குக் கெடார் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை விவசாயம். காலேஜுக்கு அங்கிருந்து வந்துபோவது சிரமமென்று கோலியனூரில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தாள். இருவரும் ஒரே வண்டியில் வருவார்கள். அவன் முன்னால் நடப்பான், இரண்டு பேர் பையும் அவள் தோளில் இருக்கும். அவனைப் பற்றிக் கெட்டதாக அதுவரை எதுவும் கேள்விப்படவில்லை. கபடி ஆடுவான், பணிவாக வணக்கம் சொல்வான், அவன் ப்ரோக்ராம் எப்போதும் சரியாக ஓடும். அவளுடையதில் மட்டும் எங்காவது ஒரு சின்னத் தவறு இருக்கும். நல்ல பெண், கவனம் போதாது என்று நினைத்து வைத்திருந்தேன்.

அன்றைய கணக்கு சுலபமானது. சில எண்களைக் கொடுத்தால் அவற்றில் இரண்டாவது பெரிய எண்ணைச் சொல்ல வேண்டும்.

அவனை முதலில் கூப்பிட்டேன். ப்ரோக்ராமில் பிசகே இல்லை. இரண்டு இடங்கள் வைத்திருந்தான். ஒன்றில் இதுவரை பார்த்ததிலேயே பெரிய எண், மற்றதில் அதற்கு அடுத்தது. இரண்டையும் மைனஸ் இன்ஃபினிட்டியில் தொடங்கியிருந்தான். அந்த வரியில் விரல் வைத்தேன்.

"இது என்னப்பா?"

"இன்ஃபினிட்டி மேம்."

"எதுக்கு மைனஸ்?"

"அப்பிடித்தான் மேம் போடணும்."

"சரி. இங்க பாரு. புதுசா ஒரு பெரிய நம்பர் வந்தா, மொதல்ல இருக்கறதை ரெண்டாவதுக்கு நகத்திட்டு, அப்பறம் புதுசை மொதல்ல வெக்கற. இந்த ரெண்டு வரியையும் மேல கீழ மாத்திப் போட்டா என்ன ஆகும்?"

அவன் பிரிண்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்தில் நரம்பு எழும்பியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒண்ணும் ஆகாது மேம். அதே ஆன்சர்தான் வரும்."

"வராது. அடுத்த வாரம் யோசிச்சிட்டு வந்து சொல்லு. மார்க் போடாம வெக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். என் மேஜையிலிருந்து இரண்டாவது கம்ப்யூட்டர் அது.

இன்னும் சிலருக்குப் பிறகு அவள் வந்தாள். அவளுடையதும் அதே வழிதான், ஆனால் இரண்டு இடங்களையும் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தாள். வரி வரியாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் சின்னக் குரலில், தடுமாறாமல் சொன்னாள். அந்த இரண்டு வரிகளுக்கு வந்தேன்.

"மாத்திப் போட்டா என்ன ஆகும்?"

"புதுசு மொதல்ல வந்து உக்காந்துடும் மேம். அதையே ரெண்டாவதுக்கும் காப்பி பண்ணிடும். பழசு அழிஞ்சிடும். கடைசில ரெண்டு எடத்துலயும் ஒரே நம்பர்தான் நிக்கும்."

"சரி. இங்க ஏன் பூஜ்யம்?"

அவள் என்னைப் பார்க்காமல் அந்த வரியைப் பார்த்துச் சொன்னாள்.

"அது தப்பு மேம். எல்லா நம்பரும் மைனஸா வந்தா ஒண்ணுகூடப் பூஜ்யத்தைவிடப் பெரிசு இல்ல. ஒண்ணும் உள்ளயே போகாது. நாம குடுக்காத பூஜ்யத்தைப் போய் ஆன்சர்னு சொல்லிடும்."

"அப்ப என்ன போடணும்?"

"மைனஸ் இன்ஃபினிட்டி. அதைவிட எந்த நம்பரும் பெரிசுதான். அப்பதான் மொத நம்பர் எதுவா இருந்தாலும் உள்ள வரும்."

அண்ணனால் சொல்ல முடியாத பதில் அது. இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'செகண்ட்' என்ற சொல்லை இரண்டிலும் ஒரே மாதிரி ஓர் எழுத்துக் கூடுதலாகப் போட்டுத் தவறாக எழுதியிருந்தது.

குரலைத் தாழ்த்தி, "இவ்வளோ தெரிஞ்சிக்கினு உன்னோடதுல ஏன் தப்பை விட்ட?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அவன் அவள் பின்னால் நின்றான்.

முதல் அறை காதோடு விழுந்தது. அவள் என் மேஜைமேல் சரிந்தாள். பேப்பர் கற்றை பறந்தது. "என்ன சொன்ன? என்னைக் காட்டிக் குடுக்கறியா?" என்று கேட்டுக்கொண்டே, பக்கத்து மேஜையிலிருந்த கீபோர்டை ஒயரோடு பிடுங்கி அவள் முதுகில் அடித்தான். விசைகள் தெறித்துத் தரையெல்லாம் ஓடின. மறுபடியும் அடித்தான். அவள் கத்தவே இல்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் சுருண்டாள். அவ்வளவு வேகமாக, அவ்வளவு சரியாக அந்த இடுக்கைக் கண்டுபிடித்தது எப்படி என்பதுதான் பிறகு பல நாள் என்னை உறுத்தியது. பழகிய உடம்பு அப்படித்தான் போகும்.

நான் எழுந்து நடுவில் போனேன். அவன் என்னைப் பார்த்தானா என்று தெரியவில்லை. கீபோர்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த இரும்பு ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். கையை நீட்டினேன். அது மணிக்கட்டில் வந்து இறங்கியது. எலும்புக்குள் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது.

அதற்குள் பின்வரிசைப் பையன்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். விலக்கத்தான் போனார்கள். ஆனால் கீழே தள்ளியதும் ஒருவன் உதைத்தான், அதைப் பார்த்து அடுத்தவனும் உதைத்தான். வயிற்றில், முகத்தில், விலாவில். யாரோ மவுஸ் ஒயரைக் கழுத்தில் போட்டு இழுத்தான். என் வகுப்பில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத பையன், ஷூக்காலால் அவன் விரல்களை மிதித்து அழுத்திக்கொண்டு நின்றான். நான் கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. லேப் அசிஸ்டென்ட் ஓடிவந்து ஒவ்வொருவனையும் சட்டையைப் பிடித்துப் பிய்த்து எறிந்தார். அதில் அவருக்கே முழங்கை பட்டு உதடு கிழிந்தது.

கூட்டம் விலகியபோது அவன் வாயில் ரத்தமாகக் கிடந்தான். அவள் இடுக்கிலிருந்து எழுந்து வந்து அவனைப் பார்த்தாள். அவள் காதிலிருந்தும் ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உதவ அவள் கை நீளவில்லை. அழவும் இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையை ஒரு துப்பட்டாவில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு துறைத்தலைவர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டார் வரும்வரை அந்தப் பெண்ணைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் முதலில் வந்தார்கள். பெரியப்பா உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை. நடந்ததைத் துறைத்தலைவர் சொல்லி முடிப்பதற்குள் செருப்பைக் கழற்றி மகன் முகத்தில் அடித்தார். ஏற்கெனவே வீங்கியிருந்த வாயில் மறுபடி ரத்தம் வந்தது. "லேடீஸ் மேலயா கை வெக்கிற? வாத்தியாரம்மா மேல கை வெக்கிறியாடா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டார். தங்கையை அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் தடுக்காமல், நகராமல் வாங்கிக்கொண்டான். இந்த வீட்டில் அடி எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கீழே வருகிறது என்று அப்போது தெரிந்தது.

பெரியம்மா நேராகப் பெண்ணிடம் போனாள். அதே கன்னத்தில் அறைந்தாள்.

"சோறு போட்ட வீட்டுக்கு நல்லா பண்ணிட்ட. நாலு பேரு முன்னாடி அண்ணனை ஒண்ணும் தெரியாதவன்னு ஆக்கிட்ட இல்ல?"

"அம்மா, அவளை நான் கேட்டேன், அவ பதில் சொன்னா. அவ்வளோதான்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். உங்களுக்கு இன்னா தெரியும் எங்க வூட்டுக் கதை. மார்க் போட்டுட்டுப் போறதை விட்டுட்டு, லைன் லைனா கேட்டுக்கினு..."

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையும் அதையேதான் சொன்னது.

பெண்ணின் அப்பா கெடாரிலிருந்து வந்து சேரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கணுக்கால்வரை மண். குள்ளமான, பேச்சு வராத மனிதர். மகள் காதைப் பார்த்தார். தாடையைப் பிடித்துத் திருப்பி, கழுத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். அவள் உடையின் முழுக்கையை மேலே ஒதுக்கினார். அங்கே பழைய கன்றல்கள், மஞ்சளாகவும் கருநீலமாகவும்.

"எத்தினி நாளா?" என்று மகளிடம் கேட்டார்.

"காலேஜ் சேந்ததுலேருந்துப்பா."

"அண்ணே, உனக்குத் தெரியுமா?"

"பசங்க சண்டைடா. இதைப் போய்..."

பெரியப்பா முடிக்கவில்லை. தம்பி அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளினார். கதவு திறந்துகொண்டு இருவரும் வராந்தாவில் போய் விழுந்தார்கள். வாழ்க்கையில் ஒரு நாள்கூட அண்ணன் எதிரில் குரல் உயர்த்தியிருக்க மாட்டார் அந்த மனிதர். பெரியப்பாவின் மார்மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினார். வெள்ளைச் சட்டை கிழிந்தது. பெரியப்பா தம்பியின் காதைப் பிடித்துத் திருகித் தலையைத் தூணில் மோதினார். பெரியம்மா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு கத்தினாள். மாடிப்படியெல்லாம் மாணவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வாட்ச்மேனும் லேப் அசிஸ்டென்ட்டும் பிரித்து எடுத்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. தம்பி எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மகளின் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். அவள் பின்னாலேயே போனாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டால் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடுங்கள் என்று கல்லூரி முதல்வர் என்னைக் கேட்டுக்கொண்டார். அப்படிச் சொல்லவில்லை. போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, பெண்ணின் அப்பாதான் கையெடுத்துக் கும்பிட்டார். "வாணாம்மா. அவனை உள்ள வெச்சா நாளைக்கி இவளுக்குத்தான் பேஜாரு." அவர் பேச்சைத் தள்ள முடியவில்லை. கல்லூரி அவனை அந்தப் பருவம் முழுக்க நிறுத்தி வைத்தது. அவனை மிதித்த பையன்களுக்குச் சில நாள் மட்டும்.

அவளைத் திண்டிவனத்தில் சித்தி வீட்டில் விட்டார்கள். காலையிலும் மாலையிலும் என் பஸ்ஸிலேயே வர ஆரம்பித்தாள். கட்டுப் போட்ட கையோடு நான் ஏறும்போது பையை வாங்கிக்கொள்வாள். ஒரு மாலை, கூட்டம் குறைந்து பக்கத்தில் உட்கார இடம் கிடைத்த நாளில், அவளாகவே சொன்னாள்.

"மேம், அன்னைக்கி நீங்க கேட்டீங்க இல்ல, ஏன் தப்பை விட்டேன்னு."

"ம்."

"மொத டெஸ்ட்ல எனக்கு அவனைவிட மார்க் வந்துடுச்சி. அன்னைக்கி பெல்ட்டால அடிச்சான். பெரியப்பா வூட்டுல இருக்கறப்பவே அடிச்சான், யாரும் ஒண்ணும் கேக்கல. அதுலேருந்து அவனுக்கு மொதல்ல எழுதிக் குடுத்துடுவேன். அப்பறம் என்னோடதை எடுத்து ஒரு லைனை ஒடைப்பேன்."

"உடைக்கறதுன்னா?"

"ஓடாம போவக் கூடாது மேம். அப்பிடின்னா நீங்க உடனே கண்டுபுடிச்சி என்னைச் சரி பண்ணச் சொல்லிடுவீங்க. ஓடணும், ஆனா எப்பவாவது ஒரு தடவ தப்பா வரணும். எந்த லைனை ஒடைச்சா அப்பிடி ஆகும்னு யோசிக்கத்தான் ரொம்ப நேரம் ஆவும். எழுதறது ஈஸி."

ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு ப்ரோக்ராமை இவ்வளவு ஆழமாகப் படித்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. அடிக்குப் பயந்து படித்திருக்கிறாள்.

"அப்ப அன்னைக்கி மட்டும் ஏன் சொன்ன? தெரியலைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"சொல்லலாம்னுதான் வந்தேன். பூஜ்யம்தான் சரின்னு சொல்லலாம்னு. ஆனா ஒவ்வொரு லைனா கேட்டுக்கினே வந்தீங்களா, சொல்லச் சொல்ல நல்லா இருந்துச்சி மேம். அது வரைக்கும் என்னை யாரும் அப்பிடிக் கேட்டதில்ல. அந்த லைன் வர்றப்ப வாயில பொய் வரல."

அடுத்த பருவத்தில் அவன் திரும்பி வந்தான். விரல் இரண்டு சரியாக மடங்கவில்லை. அவன் வாய்மொழியை வேறு யாராவது எடுக்கட்டும் என்றார் துறைத்தலைவர். நானே எடுக்கிறேன் என்றேன். தைரியமெல்லாம் இல்லை. அவன் மேஜையை நெருங்கியபோது என் இடது கை தானாக மடிக்குள் போய்விட்டது. லேப் அசிஸ்டென்ட் வேலையே இல்லாமல் என் பின்னால் வந்து நின்றார். லேபில் ஒரு கீபோர்டுச் சத்தம் இல்லை.

அவன் கொண்டுவந்தது ஒரு சின்ன ப்ரோக்ராம். ஒரு வார்த்தையைத் திருப்பிப் போட்டு, இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. அசிங்கமாக, சுற்றி வளைத்து எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் கேப்பிடல் எழுத்தில் தொடங்கும் சொல்லைக் கொடுத்தால் தப்பாகச் சொல்லும். விரல் வைத்தேன். சொன்னான். அடுத்த வரியில் வைத்தேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னான். மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நான் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினேன்.

"இது தெரியாது மேம்."

"எங்கேருந்து எடுத்த?"

"போன்லேருந்து. அந்த ஒரு லைன் மட்டும். மத்ததெல்லாம் நான் போட்டது."

"சரி. தெரிஞ்ச வரிக்கு மார்க் உண்டு. போ."

மார்க் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பிரிண்ட்டை மடித்து எடுத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான், உடனே பார்வையை எடுத்துவிட்டான். தங்கை உட்கார்ந்திருந்த வரிசையைத் தவிர்த்து, அறையைச் சுற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். அவன் போகிற பக்கமெல்லாம் பையன்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

அன்று பஸ்ஸில் அவள் வீட்டுக் கதை சொன்னாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த நிலத்தின் கூட்டுப் பட்டாவைப் பிரித்துவிட்டார்களாம். கிணறு யாருக்கென்று தகராறு முற்றி, பெரியப்பா ஆட்கள் வந்து மோட்டார் ஷெட்டை உடைத்தார்களாம். அப்பா கடப்பாரையோடு நின்றாராம். போன வாரம் சாவுக்குப் போன இடத்திலும் அப்பாவும் பெரியப்பாவும் அடித்துக்கொண்டார்களாம்.

"எல்லாம் உன்னாலதான், நீ வாயை மூடிக்கினு இருந்தா குடும்பம் ஒண்ணா இருந்திருக்கும்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்க மேம். அம்மாகூட ஒரு தடவ சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

டோல்கேட் தாண்டியதும் எழுந்து, மேலே கம்பியிலிருந்த என் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு குனிந்து, பஸ் இரைச்சலில் எனக்குக் கேட்க வேண்டுமென்று காதருகில் வந்து சொன்னாள்.

"ஆனா இப்பல்லாம் எனக்கு நல்லா தூக்கம் வருது மேம்."